வைக்கோல் குழி ஏன் மக்குவதில்லை? கார்பன்–நைட்ரஜன் விகிதமும் மண்புழு உரமும்

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசனத்தில் வைக்கோல் மலிந்து கிடக்கும். மாடு வைத்திருப்பவர்கள் போர் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல வைக்கோல் கட்டுக் கட்டாக வெளியூருக்குப் போகிறது. இயந்திரம் துண்டாக்கிப் போட்டதும், பனியிலும் மழையிலும் நனைந்து மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்குவதும்தான் கடைசியில் உரக்குழிக்கு வருகிறது. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தோட்டத்தில் மூன்று மாதத்தில் கறுத்துப் பொடியாகிவிடும் அதே வைக்கோல், அடுத்த தோட்டத்துக் குழியில் அடுத்த பிசானம் வரும்வரை மஞ்சள் மாறாமல் கிடக்கிறது. இரண்டிலும் சாணி போட்டிருக்கிறார்கள், தண்ணீரும் தெளித்திருக்கிறார்கள்.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மண்புழு உரம் சாதாரணக் குப்பை உரத்தைப் போலப் பல மடங்கு விலைக்குப் போவதால், புழு ஏதோ சத்தைப் புதிதாக உண்டாக்கித் தருகிறது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இந்த இரண்டு குழப்பங்களுக்கும் விடை ஒரே எண்ணில் இருக்கிறது. அதுதான் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம்.

## முப்பது என்ற எண் எப்படி வந்தது

மக்குதல் என்பது நுண்ணுயிர்கள் சாப்பிடுவது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வைக்கோலைத் தின்று, அதில் ஒரு பகுதியைத் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்கின்றன. மீதியை எரித்து உயிர் வாழ்வதற்கான சக்தியாகச் செலவழிக்கின்றன. அப்படி எரிந்த கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. குவியல் சுடுவதும் நாளாக நாளாகச் சரிந்து குறைவதும் இதனால்தான்.

நுண்ணுயிரின் உடம்பில் ஏறக்குறைய 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. தின்னும் கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் தங்குகிறது, மூன்றில் இரண்டு பங்கு மூச்சாகப் போகிறது. ஆக 8 பங்கு கார்பனை உடம்பில் சேர்க்க 24 பங்கைத் தின்ன வேண்டும், அதற்குத் துணையாக 1 பங்கு நைட்ரஜன் வேண்டும். 24-க்கு 1 என்ற அளவில் இரண்டும் கிடைத்தால் எதுவும் மிஞ்சாது, எதுவும் குறையாது.

நடைமுறையில் கார்பன் முழுவதும் உடனடியாகத் தின்னும் நிலையில் இருப்பதில்லை. ஒரு பகுதி கெட்டியான நாருக்குள் அடைபட்டிருக்கும். அதனால் தொடங்கும்போது 25 முதல் 35 வரை இருக்கலாம் என்றும், 30-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்றும் வைத்துக்கொள்கிறார்கள்.

விகிதம் இதைவிட மிக அதிகமானால் என்ன நடக்கும்? வைக்கோலில் அது 60-லிருந்து 80 வரை இருக்கிறது. தின்னக் கார்பன் ஏராளம், உடம்பு கட்ட நைட்ரஜன் இல்லை. முதல் தலைமுறை நுண்ணுயிர்கள் இருந்த நைட்ரஜனை எடுத்துக்கொண்டதும் பெருக்கம் நின்றுவிடும். அவை செத்து, அவற்றின் உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியே வந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு வழி. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கார்பன் எரிந்து, விகிதம் மெல்ல மெல்ல இறங்கும். வருஷக்கணக்கில் மஞ்சளாகக் கிடக்கும் குழி இந்த நிலையில்தான் இருக்கிறது. மக்கல் அங்கே நின்றுவிடவில்லை, நைட்ரஜனுக்காகக் காத்துக்கிடக்கிறது.

விகிதம் 20-க்குக் கீழே போனால் சிக்கல் வேறு. தேவைக்கு மேல் இருக்கும் நைட்ரஜன் அமோனியாவாகக் கிளம்பிவிடும். மூக்கைக் குத்தும் அந்த வாடை, வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்து நம் கண்முன்னே காற்றில் கலக்கிறது என்பதற்கான அறிகுறி.

## நம் பக்கத்துப் பொருள்கள் எந்த இடத்தில் நிற்கின்றன

எந்தப் பொருளுக்கும் நிலையான ஒரே எண் கிடையாது. பயிரின் வயது, நிலத்தின் வளம், மாடு தின்ற தீனி இவற்றைப் பொறுத்து மாறும். இருந்தாலும் குவியல் போடுவதற்குத் தோராயமான அளவுகள் போதும்.

- தென்னை நார்க்கழிவு: சுமார் 100, அதற்கு மேலும்
- நெல் வைக்கோல்: 60 முதல் 80
- உதிர்ந்த காய்ந்த சருகு: 40 முதல் 80
- மாட்டுச் சாணி: 20 முதல் 25
- கிளைரிசிடியா, அகத்தி போன்ற பச்சைத் தழை: 15-ஐ ஒட்டி
- கோழி எரு: 10-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும்

இதில் கவனிக்க வேண்டியது சாணியின் இடம். சாணி போட்டால் எல்லாம் மக்கிவிடும் என்பது நம் ஊரில் பொதுவான நம்பிக்கை. சாணி தேவைதான். நுண்ணுயிர்க் கூட்டத்தையும் ஈரத்தையும் அதுதான் கொண்டு வருகிறது. ஆனால் அதன் விகிதமே 22-ஐ ஒட்டி நிற்பதால், வைக்கோலின் 67-ஐ இழுத்து இறக்கும் வலு அதற்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும்.

## ஒரு குவியலின் கணக்கு

100 கிலோ காய்ந்த வைக்கோலை எடுத்துக்கொள்வோம். விகிதத்தை எப்போதும் ஈரத்தைக் கழித்துவிட்டு, காய்ந்த எடையில்தான் பார்க்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில். பச்சைச் சாணியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

1. வைக்கோல் 100 கிலோ. ஈரம் போக 90 கிலோ. அதில் 40 சதவீதம் கார்பன் என்றால் 36 கிலோ. நைட்ரஜன் 0.6 சதவீதம், அதாவது 0.54 கிலோ. விகிதம் 67.

2. பச்சைச் சாணி 200 கிலோ. ஈரம் போக 40 கிலோதான். கார்பன் 35 சதவீதம் என்று 14 கிலோ, நைட்ரஜன் 1.6 சதவீதம் என்று 0.64 கிலோ. இரண்டையும் கூட்டினால் கார்பன் 50 கிலோ, நைட்ரஜன் 1.18 கிலோ. விகிதம் 42. வைக்கோலைப் போல இரண்டு மடங்கு சாணி போட்டும் முப்பதைத் தொடவில்லை.

3. பச்சைத் தழை 100 கிலோ. கிளைரிசிடியா தழை என்று வைத்துக்கொள்வோம். ஈரம் போக 25 கிலோ. கார்பன் 44 சதவீதம், அதாவது 11 கிலோ. நைட்ரஜன் 3 சதவீதம், அதாவது 0.75 கிலோ. மொத்தக் கார்பன் 61 கிலோ, நைட்ரஜன் 1.93 கிலோ. விகிதம் 31.6. இது போதும்.

தழையே இல்லாமல், சாணியை மட்டும் வைத்து முப்பதுக்கு இறக்க வேண்டுமானால்? அதே அளவுகளை வைத்துப் பார்த்தால் 100 கிலோ வைக்கோலுக்கு ஏறக்குறைய 760 கிலோ சாணி வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் அவ்வளவு சாணி சேர நாள் பிடிக்கும், அதற்குள் முதலில் போட்டது காய்ந்துவிடும். 100 கிலோ தழையோ வரப்பிலும் வேலியிலும் நிற்கும் கிளைரிசிடியாவைக் கழித்தாலே கிடைத்துவிடும். கொளுஞ்சி, ஆவாரை, பூவரசு, வேம்பு என்று கிடைப்பதைக் கலந்து போடலாம். கொளுஞ்சி போன்ற பயறு வகைச் செடிகளின் தழையில் நைட்ரஜன் கூடுதல், மற்றவற்றில் சற்றுக் குறைவு. அதனால் கலவையாகப் போடும்போது அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தழைக்கும் வழியில்லை என்றால் யூரியா. 200 கிலோ சாணி போட்ட பிறகு குறைவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நைட்ரஜன்தான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால் ஒரு கிலோவைத் தண்ணீரில் கரைத்து அடுக்குகளுக்கு இடையே தெளித்தால் சரியாகிவிடும். இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இந்த வழி இல்லை, மற்றவர்கள் தயங்க வேண்டியதில்லை. குவியலுக்குப் போகும் ஒரு கிலோ யூரியா நுண்ணுயிர்களின் உடம்பாகி உரத்திலேயே தங்கும். அளவு மீறினால் மட்டும் அமோனியாவாகப் போய்விடும்.

இதே கலவையில் ஈரம் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளலாம். வைக்கோலில் 10, சாணியில் 160, தழையில் 75 என்று மொத்தம் 245 கிலோ தண்ணீர், மொத்த எடை 400 கிலோ. ஆக 61 சதவீதம். குவியலுக்கு வேண்டியது 50 முதல் 60 சதவீதம். கணக்குப்படி தண்ணீர் சேர்க்கவே தேவையில்லை. ஆனால் ஈரம் முழுக்கச் சாணியிலும் தழையிலும்தான் இருக்கிறது, வைக்கோல் காய்ந்தபடி நிற்கிறது. அதனால் சாணியை உருண்டையாகப் போடாமல் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து வைக்கோல் மேல் படும்படி ஊற்றுவதும், தழையை ஒரு நாள் வாடவிட்டுப் போடுவதும் இரண்டையும் சமன் செய்யும்.

## விகிதம் சரியாக இருந்தும் மக்காமல் போவது ஏன்

எண் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே குவியல் மக்கிவிடாது. கார்பன் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். வைக்கோலின் கார்பனில் பெரும்பகுதி செல்லுலோஸ், அதை நுண்ணுயிர்கள் எளிதில் உடைத்துவிடும். நார்க்கழிவிலும் மரத்தூளிலும் லிக்னின் அதிகம். லிக்னினை உடைக்கும் திறமை சில வகைப் பூஞ்சைகளுக்குத்தான் நன்றாக உண்டு. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் நார் ஆலைகளுக்கு வெளியே மலையாகக் குவிந்திருக்கும் கழிவு மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் நிறம்கூட மாறாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். அதில் யூரியாவைக் கொட்டி 30 ஆக்கினால் மட்டும் போதாது. சிப்பிக்காளான் பூஞ்சை விதையையும் சேர்த்து அடுக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் லிக்னினை உடைக்கத்தான்.

துண்டின் அளவும் வேகத்தை மாற்றும். நுண்ணுயிர் மேற்பரப்பிலிருந்துதான் தின்னத் தொடங்குகிறது. முழு நீள வைக்கோலைவிட இரண்டு மூன்று அங்குலத்துக்கு வெட்டியது விரைவாக மக்கும். மிகவும் பொடியாக்கினாலும் ஆபத்து, காற்று புகாமல் அமுங்கிவிடும். இயந்திர அறுவடையில் துண்டாகி விழும் வைக்கோல் மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டாலும் குவியலுக்கு அதுதான் வசதி.

## குவியலில் நடப்பதும், கோளாறை அறிவதும்

மேலே சொன்ன 400 கிலோவை அடுக்கினால் சுமார் 5 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு வரும். எந்தப் பக்கமும் மூன்று அடிக்குக் குறைந்தால் உள்ளே உண்டாகும் சூடு தங்காது. நிழலில் மேட்டுப் பாங்கான இடத்தில் போடுவது நல்லது. குழியாக வெட்டிப் போட்டால் கோடையில் ஈரம் காக்கும் என்பது உண்மை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே குழியில் தண்ணீர் தேங்கிக் காற்று அற்றுப்போகும்.

விகிதமும் ஈரமும் சரியாக இருந்தால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உட்புறம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, பத்து நிமிஷம் விட்டு உருவிப் பிடித்துப் பார்த்தால் கையில் வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும். இந்தச் சூட்டில்தான் களை விதைகளும், சாணியோடு வரும் நோய்க்கிருமிகளும், காண்டாமிருக வண்டின் முட்டையும் புழுவும் சாகின்றன. தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் சூடேறாத எருக்குழி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். குழியைக் கிளறும்போது தென்படும் பருத்த வெள்ளைப் புழு, நாளைக்குத் தென்னங்குருத்தைத் துளைக்கப்போகிற வண்டு.

ஓரங்களில் இந்தச் சூடு வராது. அதனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சூடு இறங்கத் தொடங்கியதும் வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்ட வேண்டும். புரட்டியதும் காற்று கிடைத்து மறுபடி சுடும். இப்படி மூன்று தடவை புரட்டினால் பெரும்பாலும் போதும். புரட்டியும் சுடவில்லை, அடியிலும் பச்சையோ மஞ்சளோ தெரியவில்லை என்றால் கடும் மக்கல் முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு மாதம் சும்மா ஆறவிட வேண்டும்.

குவியல் சரியாகப் போகவில்லை என்றால் காரணத்தை இந்த வரிசையில் தேடலாம்:

1. சூடே ஏறவில்லை. முதலில் ஈரத்தைப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் குறைவு. கரையான் ஏறியிருந்தாலும் அதே பொருள்தான். ஈரம் சரியாக இருந்து, குவியலும் பெரிதாக இருந்தும் சுடாவிட்டால்தான் நைட்ரஜன் குறைவு என்று முடிவுக்கு வரலாம். தழையோ சாணிக் கரைசலோ சேர்த்துப் புரட்டியதும் மூன்று நாளில் சுட்டால் அந்த முடிவு சரி.

2. மூக்கைக் குத்தும் வாடை. நைட்ரஜன் மிகுதி. காய்ந்த வைக்கோலையோ சருகையோ கலந்து புரட்ட வேண்டும்.

3. அழுகிய முட்டை நாற்றம். விகிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் தேங்கிக் காற்று நின்றுவிட்டது. பிரித்துப் போட்டு ஆறவிட்டு மறுபடி அடுக்க வேண்டும்.

4. உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை அடுக்கு. சூடு மிகுந்து உட்புறம் காய்ந்திருக்கிறது. புரட்டும்போது தண்ணீர் தெளித்தால் சரியாகும்.

இரண்டரை மூன்று மாதத்தில் என்ன மிஞ்சும் என்பதையும் முன்பு போட்ட கணக்கிலேயே பார்க்கலாம். 61 கிலோ கார்பனில் ஏறக்குறைய பாதி எரிந்து 30 கிலோ நிற்கும். 1.93 கிலோ நைட்ரஜனில் கவனமாக இருந்தாலும் கொஞ்சம் வீணாகும், 1.6 கிலோ தங்குகிறது என்று கொள்வோம். விகிதம் 19. கார்பன் போகப் போக நைட்ரஜனின் சதவீதம் கூடுகிறது, நைட்ரஜனின் எடை கூடவில்லை. 400 கிலோவாகப் போட்டது ஈரத்தோடு 150 கிலோவை ஒட்டி உரமாகக் கிடைக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மண்புழு உரத்தைப் பற்றிய குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

## மண்புழு எங்கே வேறுபடுகிறது

குவியலின் உயிர் சூடு. மண்புழுவுக்கு அந்தச் சூடு சாவு. 35 டிகிரிக்கு மேல் படுக்கை சுட்டாலே புழு ஓரத்துக்கு ஒதுங்கும், வழி கிடைக்காவிட்டால் செத்துவிடும். ஆகவே மண்புழுப் படுக்கையை மிகவும் சூடேறாத அளவுக்குத் தாழ்வாக, ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குள் அமைக்கிறார்கள். குவியலில் நாம் புரட்டிக் காற்றுக் கொடுக்கிறோம், இங்கே புழு ஊர்ந்து ஊர்ந்து அந்த வேலையைச் செய்கிறது.

புழு வைக்கோலை நேரடியாகத் தின்று செரிப்பதில்லை. அதற்குப் பல் கிடையாது. பாதி மக்கி மெத்தென்று ஆன பொருளையும் அதில் அப்பிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்களையும் விழுங்கி, அரைப்பையில் மண்துகளோடு சேர்த்து அரைத்து, குடலில் வேறு நுண்ணுயிர்களோடு கலந்து குருணையாக வெளியே தள்ளுகிறது. அதனால் கார்பன்–நைட்ரஜன் விகிதம் மண்புழு உரத்துக்கும் அதே அளவு பொருந்தும். 67-ல் இருக்கும் வைக்கோலை நேராகப் படுக்கையில் போட்டால் நுண்ணுயிர் பெருகாது, புழுவுக்குத் தீனி இருக்காது, எடை கூடாமல் இனப்பெருக்கமும் குறையும். விகிதம் மிகவும் தாழ்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கோழி எருவையோ அன்றைய சாணியையோ கூடுதலாகப் போட்டால் கிளம்பும் அமோனியா புழுவைக் கொன்றுவிடும். அது தோலால் சுவாசிக்கும் உயிர், ஈரத் தோலில் அமோனியா நேராகப் படுகிறது.

படுக்கைக்கு விடும் புழுக்கள் வயல் வரப்பில் மழைக்குப் பிறகு தெரியும் புழுக்கள் அல்ல. வயல் புழுக்களில் பல மண்ணை ஆழமாகத் துளைத்து வாழும் வகை, குப்பைப் படுக்கையில் நிற்காது. உரம் தயாரிக்க மேலாகக் குப்பையில் வாழும் வகைகள் வேண்டும்: ஆப்பிரிக்க வகையான யூட்ரிலஸ் யூஜினியே, ஐரோப்பிய வகையான ஐசீனியா ஃபெடிடா, நம் நாட்டு வகையான பெரியானிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்.

நாம் கணக்குப் போட்ட அதே 400 கிலோவை மண்புழு உரமாக்க வேண்டும் என்றால் முதல் மூன்று வாரம் குவியலாகவே விட வேண்டும். இரண்டு தடவை புரட்டி, சூடு முழுக்க இறங்கிய பிறகு 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பரப்பலாம். முதல் கொதிப்பில் கொள்ளளவு பாதியாகியிருக்கும் என்பதால் பொருள் அந்த அளவுக்குச் சரியாக வரும். கையை உள்ளே விட்டுப் பார்த்துக் குளிர்ச்சியாக இருந்தால் சுமார் 3 கிலோ புழுவை மேலே தூவலாம். பத்து நிமிஷத்தில் உள்ளே இறங்கிவிட்டால் படுக்கை அதற்குப் பிடித்திருக்கிறது. மேலேயே சுருண்டு கிடந்தாலும் தொட்டியின் சுவரில் ஏறினாலும் உள்ளே சூடோ அமோனியாவோ மிச்சம் இருக்கிறது, ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

ஈரம் குவியலைவிடச் சற்றுக் கூடுதலாக, 60 முதல் 80 சதவீதம் வரை வேண்டும். மேலே ஈரச் சாக்கும் அதற்கு மேல் பனையோலைக் கூரையும் இருக்க வேண்டும். எறும்பு ஏறாமல் சுற்றிலும் சிறு நீர்க்கால் வைப்பது வழக்கம். இரண்டு இரண்டரை மாதத்தில் மேல்பகுதி தேயிலைத் தூள் மாதிரி குருணையாகிவிடும். அப்போது தண்ணீர் தெளிப்பதை நாலைந்து நாள் நிறுத்தி, கூம்பாகக் குவித்து வைத்தால் புழு ஈரம் தேடி அடியில் இறங்கும், மேலே இருப்பதை அள்ளிச் சலிக்கலாம்.

சரி, இப்படிக் கிடைத்த உரத்தில் நைட்ரஜன் கூடுதலா? புழுவால் நைட்ரஜனை உண்டாக்க முடியாது. உள்ளே போட்ட 1.93 கிலோவைத் தாண்டி வெளியே வர வழியில்லை. கொதிப்பு குறைவாக இருப்பதால் அமோனியாவாகப் போகும் இழப்பு சில சமயம் குறையலாம், அவ்வளவுதான். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்குக் குறைந்தபட்சம் 1 சதவீத நைட்ரஜன் வேண்டும் என்கிறது, நகரக் கம்போஸ்ட்டுக்கு 0.8 சதவீதம். ஒரு டன்னுக்கு 10 கிலோவும் 8 கிலோவும். விலையில் இருக்கும் இடைவெளி இந்தச் சத்தின் அளவில் இல்லை.

வேறுபாடு சத்து இருக்கும் வடிவில் இருக்கிறது. மண்புழுக் குருணையில் நைட்ரஜனின் கூடுதல் பங்கு நைட்ரேட்டாக, வேர் உடனே எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். துகள் நுண்ணியது, தண்ணீரைப் பிடித்து வைக்கும், நுண்ணுயிர்களும் பலவகை. நாற்றங்காலுக்கும் தொட்டிச் செடிக்கும் காய்கறிப் பாத்திக்கும் அது ஏற்றது. ஆனால் களை விதை அதில் சாகாது. முதல் மூன்று வார மக்கலில் சரியாகச் சூடேறாத பொருளைப் புழுவுக்குக் கொடுத்தால், பாத்தியில் கோரையும் சாரணையும் உரத்தோடு சேர்ந்தே முளைக்கும்.

## கார் பருவத்துக்கு எது, பிசானத்துக்கு எது

பிசான வைக்கோல் கையில் கிடைப்பது மாசி, பங்குனியில். பாபநாசம் அணை திறந்து காருக்கு நாற்றுப் பாவுவது ஜூனில். இடையில் கிடைக்கும் மூன்று மாதம், திருநெல்வேலிச் சீமையில் வெயில் உச்சத்தில் இருக்கும் மூன்று மாதம். குவியலுக்கு அந்த வெயிலால் கெடுதல் இல்லை, தண்ணீர் மட்டும் தவறாமல் தெளித்தால் போதும். மண்புழுப் படுக்கைக்கு அதுவே மிகக் கடினமான காலம். பகலில் 38, 40 டிகிரி அடிக்கும்போது ஓலைக் கூரையும் ஈரச் சாக்கும் ஒரு நாள் தவறினாலும் புழு போய்விடும். அதனால் வைக்கோலைக் காருக்குள் உரமாக்கக் குவியல்தான் பொருத்தம். மண்புழுப் படுக்கையை ஆடிச் சாரலோடு தொடங்கினால் தை வரை இரண்டு சுற்று எடுக்கலாம்.

அவசரத்தில் அரைகுறையாக மக்கியதை வயலில் போடுவதுதான் இதில் பெரிய நஷ்டம். விகிதம் 30-க்கு மேல் இருக்கும் குப்பையை உழுது மடக்கினால் மக்கும் வேலை வயலுக்குள்ளே தொடரும். அதற்கு வேண்டிய நைட்ரஜனை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நட்ட பத்துப் பதினைந்து நாளில் பயிர் வெளிறி மஞ்சளாகும். உரம் போட்டும் பயிர் தேறவில்லை என்று யூரியாவைக் கூட்டுகிறோம், அதிலும் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. சில வாரம் கழித்து அவை செத்து நைட்ரஜனை விடுவிக்கும். அதற்குள் தூர் கட்டும் பருவம் கடந்திருக்கும்.

வயலுக்கு அனுப்பும் முன் உரம் ஆகிவிட்டதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. இரண்டு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி பாலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறக்க வேண்டும். மண் வாசனை வந்தால் ஆகிவிட்டது, புளித்த வாடையோ அமோனியாவோ வந்தால் இன்னும் மக்கல் பாக்கி. இதோடு ஒரு தட்டில் உரத்தையும் இன்னொன்றில் தோட்டத்து மண்ணையும் பரப்பி இருபது இருபது பச்சைப்பயறு ஊன்றலாம். மண்ணில் முளைத்த அளவுக்கு உரத்திலும் முளைத்து, முளை வளையாமல் நேராக வந்தால் நாற்றங்காலுக்கே போடலாம். முளைப்பு குறைந்தால் குவியலை இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, அதே சோதனையை மறுபடி செய்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.